பாட்டில் மழைமானியும் நவம்பர் மாதக் கணக்கும்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி மழைமானி செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் அளவு செய்தித்தாளில் வரும் அளவோடு ஒத்துப்போகவே இல்லை. சனி, ஞாயிறு யாரும் பள்ளிக்கு வருவதில்லை, அந்த மழையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? மாதவாரியாகப் பட்டை வரைபடம் போட்டு வைக்க வேண்டும். எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்:

முதலில் அந்த ஸ்கேலைப் பிய்த்துப் போட்டுவிடுங்கள். பாட்டில் இருக்கட்டும், அது போதும்.

ஸ்கேல் ஏன் வேண்டாம் என்றால், கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூ இதழ் மாதிரி ஐந்து காலாகப் பிரிந்திருக்கும். அந்த இதழ்களுக்குள் தண்ணீர் நிரம்பும் வரை, உயரம் மழையைச் சொல்லாது. கொஞ்சம் தண்ணீரே வேகமாக மேலே ஏறிக் காட்டும். நம் ஊரில் பெய்கிற பெரும்பாலான மழை அந்த அடிப்பகுதியிலேயே முடிந்துவிடும். சிலர் கூழாங்கல் போட்டு, இதழ்கள் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போடச் சொல்வார்கள். நாங்களும் முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். செப்டம்பர் வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றி, பூஜ்யக் கோட்டுக்குக் கீழே போய்விடும். அடுத்த மழையின் முதல் சில மில்லிமீட்டர் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சரியாக இருக்கும், பிள்ளைகள் அதை மழையே இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் உயரத்தை அளக்காதீர்கள். பாட்டிலில் விழுந்த தண்ணீரை ஊற்றி எடுத்து, எத்தனை மில்லி என்று அளந்து, அதைப் பாட்டில் வாயின் பரப்பளவால் வகுத்துக்கொள்ளுங்கள். அடி எப்படி இருந்தாலும், நடுவில் பாட்டில் இடுப்பு ஒடுங்கியிருந்தாலும் கவலையில்லை.

இதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வகுத்தல் வெறும் சடங்காகிவிடும். ஒரு பையன் என்னிடம் கேட்டான், "சார், பாட்டிலுக்குப் பதிலா அண்டா வச்சா நிறைய மழை பெஞ்ச மாதிரி காட்டுமே?" நல்ல கேள்வி. அண்டாவில் தண்ணீர் அதிகமாகத்தான் சேரும், ஆனால் அண்டாவின் வாயும் பெரிது. விழுந்த மழை ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும், அதுதான் மில்லிமீட்டர். செங்குத்தான சுவருள்ள பாத்திரம் எதை வைத்தாலும் அந்த உயரம் ஒன்றுதான். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரை அதற்குள் பரப்பச் சொன்னால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

சரி, இப்போது பாட்டில். மேல்பக்கம் கூம்பாகச் சரியத் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே, நேர்ச்சுவராக இருக்கும் இடத்தில் சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டுங்கள். ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டி, அதன் விளிம்பையே கோடாக வைத்து வெட்டினால் கோணாது. வெட்டிய மேல்துண்டைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகினால் அதுதான் புனல். இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் வருமாறு டேப் ஒட்டுங்கள். மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு மாட்டிவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் வற்றுவது நன்றாகக் குறையும், வேப்பிலையும் உள்ளே போகாது. காய்ச்சிய ஆணி வேலையை நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது வாயின் பரப்பளவு. இங்கேதான் பலர் ஸ்கேலை விளிம்பில் வைத்து, கண்ணால் நடுவைப் பார்த்து, ஒரு விட்டத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் லேசாக நசுங்கி நீள்வட்டமாக இருந்தால் எந்தப் பக்கம் அளப்பீர்கள்? அதற்குப் பதில் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நீட்டி அளந்துகொள்ளுங்கள். எங்கள் பாட்டிலில் சுற்றளவு 32.7 செ.மீ. அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 10.4, ஆரம் 5.2. ஆரத்தின் வர்க்கம் 27.04, அதை 3.14 ஆல் பெருக்கினால் 84.9. அதை 85 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 1 மில்லிமீட்டர் என்பது சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, எனவே 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் எங்கள் பாட்டிலில் 8.5 மில்லி தண்ணீர் சேரும். இந்த 8.5 என்ற எண்ணைப் பதிவேட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வைத்துவிட்டோம். உங்கள் பாட்டிலுக்கு வேறு எண் வரும். விட்டத்தில் 3 மில்லிமீட்டர் தவறினால் மழையளவில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் தவறும், ஏனென்றால் அது வர்க்கமாகப் போகிறது. நூலைச் சுற்றி அளப்பதை இன்னொரு முறை செய்து பார்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செய்த மானி சரியா என்று பார்ப்பது சுலபம். 85 மில்லி தண்ணீரை அளந்து புனலில் மெதுவாக ஊற்றுங்கள், பிறகு வெளியே எடுத்து அளந்து பாருங்கள். 85 வர வேண்டும், அதாவது 10 மில்லிமீட்டர். 82, 83 வந்தால் புனலிலும் பாட்டில் சுவரிலும் ஒட்டிக்கொண்ட துளிகள், அது இயல்பு. 75 வந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஊற்றும்போது சிந்துகிறார்கள்.

அளக்க லேபில் இருக்கும் மெஷரிங் சிலிண்டரே போதும், 100 மில்லியோ 250 மில்லியோ எதுவானாலும் சரி. அது இல்லையென்றால் மெடிக்கலில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், சிறிய மழைக்கு அதுதான் இன்னும் நல்லது. சிலிண்டரை மேஜை மேல் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து, வளைவின் அடியைப் படிக்க வேண்டும் என்பதை நீங்கள் எப்படியும் பாடத்தில் சொல்லியிருப்பீர்கள்.

எங்கே வைப்பது என்பதில் பள்ளிகள் செய்யும் பெரிய தவறு மொட்டை மாடி. பிள்ளைகள் தொடமாட்டார்கள், பந்து படாது என்று மேலே வைத்துவிடுவார்கள். உயரத்தில் காற்று வேகம், அந்தக் காற்று பாட்டில் வாயின் மேலே எகிறிப் போகும்போது துளிகளையும் தள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் மாடி மானி பெரும்பாலும் குறைத்தே காட்டும். வானிலைத் துறை வைத்திருக்கும் மானிகளில் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். ஆகவே தரைதான், ஆனால் சிமெண்ட் தரை வேண்டாம், துளி தெறித்து உள்ளே வரும். புல்லோ மண்ணோ இருக்கும் இடம். மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரச் சுவர் என்றால் ஆறு மீட்டர். பல பள்ளி வளாகங்களில் இது நடக்காது, தெரியும். முடிந்த அளவு திறந்த மூலையைத் தேர்ந்தெடுத்து, சுற்றி என்னென்ன எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு சின்னப் படம் வரைந்து பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். பின்னால் அளவு ஒத்துப்போகாதபோது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

பாட்டிலை ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, சுற்றி மணல் நிரப்பினால் காற்றில் சாயாது. பாட்டில் வாய் வாளி விளிம்பை விடக் குறைந்தது பத்து சென்டிமீட்டர் உயரே நிற்கட்டும், வாய் மட்டமாக இருக்கட்டும். வாளியின் அடியில் இரண்டு ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் நவம்பரில் வாளியில் தண்ணீர் நின்று பாட்டில் மிதக்கும். சிரிக்காதீர்கள், எங்களுக்கு நடந்தது. வேலி இல்லாவிட்டால் ஆடு வந்து குடிக்கும். கோடையில் புனலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும், ஏப்ரலில் வரும் முதல் மழை முழுக்கப் புனலிலேயே தேங்கி நிற்கும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் வாரம் ஒருமுறை துளையைப் பார்க்க வேண்டும்.

இனி நேரம். செய்தித்தாளோடு உங்கள் அளவு பொருந்தாததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்திய வானிலைத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய தேதியின் கணக்கு. அதாவது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொட்டிய மழை, வானிலைத் துறை ஏட்டில் புதன்கிழமை மழை. பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தோன்றும், "நேத்துதானே சார் பெஞ்சுது" என்பார்கள். ஆனால் நாடு முழுக்க ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். உங்கள் பிள்ளைகள் மாலை பள்ளி விடும்போது அளந்தால், ஒரே மழை இங்கே செவ்வாயிலும் அங்கே புதனிலும் விழும், அல்லது ஒரு மழை இரண்டாக உடையும். பெரும்பாலான பள்ளிகளில் 8.30க்கு யாராவது வந்துவிடுகிறார்கள். அது முடியாவிட்டால் 9 மணி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தினமும் அதே 9.

இன்னொன்று, செய்தித்தாளில் பெரும்பாலும் செ.மீ. என்று போடுவார்கள், அதுவும் முழு எண்ணாக. "4 செ.மீ." என்று வந்தால் 35க்கும் 45 மில்லிமீட்டருக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். அதோடு அவர்கள் போடும் அளவு தாலுகா அலுவலகத்திலோ அணையிலோ இருக்கும் மானியுடையது, உங்கள் பள்ளியுடையது அல்ல. இடிமழை பத்து கிலோமீட்டரில் அடியோடு மாறும், ஊரின் வடக்குத் தெரு நனைந்து தெற்குத் தெரு காய்ந்து கிடப்பதை நாமே பார்த்திருக்கிறோம். அதனால் நாளுக்கு நாள் ஒப்பிடாதீர்கள், மாத மொத்தத்தை ஒப்பிடுங்கள். ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய என்று இருந்தால் அது மழையின் குணம். எல்லா மாதமும் தவறாமல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வந்தால் குறை உங்கள் பக்கம்: மரம் மறைக்கிறது, அல்லது வாயின் பரப்பளவைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, இன்னொரு பாட்டிலையும் அதேபோலச் செய்து இரண்டு மீட்டர் தள்ளி வைப்பது. நல்ல மழையன்று இரண்டுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் திடீரென்று 12 மில்லிமீட்டர் என்றால், முந்தைய நாள் இடைவேளையில் யாரோ குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

பதிவேடு. தேதி, மில்லி, மில்லிமீட்டர், குறிப்பு, அளந்தவர் பெயர், இவ்வளவுதான். மில்லியைக் கட்டாயம் எழுத வேண்டும், வகுத்த விடையை மட்டும் எழுதினால் பின்னால் பிழை திருத்த வழியே இல்லாமல் போகும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. 0 என்றால் "போய்ப் பார்த்தேன், மழை இல்லை". கோடு என்றால் "பார்க்கவில்லை, அல்லது பாட்டில் கவிழ்ந்துவிட்டது". இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். புனல் நனைந்திருக்கிறது, ஆனால் அளக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை என்றால் "தூறல்" என்று எழுதுங்கள். கூட்டும்போது அது பூஜ்யம்தான், ஆனால் அன்று வானம் சும்மா இருக்கவில்லை என்பது ஏட்டில் நிற்கும்.

சனி, ஞாயிறுக்கு வருகிறேன். திங்கள் காலை பாட்டிலில் இருப்பது வெள்ளிக் காலை 8.30க்குப் பிறகு பெய்த மூன்று நாள் மழை. அதை மூன்றாக வகுத்து மூன்று நாளுக்கும் பிரித்து எழுதாதீர்கள். இதைப் பல பள்ளி ஏடுகளில் பார்த்திருக்கிறேன், வெள்ளி இரவு ஒரே மணி நேரத்தில் பெய்த மழை மூன்று நாள் தூறலாக மாறிவிடும். சனி, ஞாயிறு கட்டங்களை ஓர் அடைப்புக்குள் போட்டு, திங்கள்கிழமை "3 நாள் சேர்த்து" என்று எழுதினால் போதும். மாத மொத்தத்துக்கு எந்தக் குறையும் வராது. எத்தனை நாள் மழை பெய்தது என்ற கணக்குதான் போகும். (2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளைத்தான் வானிலைத் துறை மழை நாள் என்று எண்ணுகிறது.) ஆனால் மாதத்தின் கடைசி நாள் காலை மட்டும் ஞாயிறானாலும் யாராவது போய் அளந்து கொட்டிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாத மழையும் அடுத்த மாத மழையும் ஒரே பாட்டிலில் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது.

நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நாளில் அதிகமாகப் பெய்கிறதோ அன்றுதான் ஆட்சியர் விடுமுறை விடுவார், அளக்க ஆள் இருக்காது. ஒரு நவம்பர் மாதத்தை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, பாட்டில் எங்களுடையது, 8.5 மில்லிக்கு 1 மில்லிமீட்டர். மாதம் சனிக்கிழமை பிறக்கிறது. அக்டோபர் 31 வெள்ளிக் காலை அளந்து கொட்டியாயிற்று.

3ஆம் தேதி திங்கள் காலை 34 மில்லி, 4.0 மி.மீ., மூன்று நாள் சேர்த்து. இதில் ஒரு பகுதி அக்டோபர் 31 மாலை பெய்தது என்று பிள்ளைகளுக்கே தெரியும், இருந்தாலும் 8.30 விதிப்படி அது நவம்பர் 1ஆம் தேதிக் கணக்கு, ஆகவே நவம்பரில்தான் சேரும். 6ஆம் தேதி 153 மில்லி, 18.0 மி.மீ. மறுநாள் 12 மில்லி, 1.4 மி.மீ. பிறகு 12, 13 தேதிகளில் மழை விடுமுறை. 14ஆம் தேதி காலை வந்து பார்த்தால் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர்; 250 மில்லி சிலிண்டரில் நான்கு முறை நிறைய அளந்து, கடைசியில் 71 மில்லி. மொத்தம் 1071 மில்லி, 126.0 மி.மீ., மூன்று நாள் சேர்த்து. இங்கே ஒரு பையன் நான்கா ஐந்தா என்று எண்ணிக்கையை மறந்துவிடுவான், அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏட்டில் ஒரு கோடு போட வேண்டும். 18ஆம் தேதி தூறல். 20ஆம் தேதி 68 மில்லி, 8.0 மி.மீ. 25ஆம் தேதி பாட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, கோடு. 26ஆம் தேதி 85 மில்லி, 10.0 மி.மீ. 30ஆம் தேதி ஞாயிறு, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போய் அளந்தது 170 மில்லி, 20.0 மி.மீ., இரண்டு நாள் சேர்த்து. மற்ற நாளெல்லாம் 0.

மில்லிமீட்டரைக் கூட்டினால் 187.4. இப்போது மில்லியைத் தனியாகக் கூட்டுங்கள்: 1593. அதை 8.5 ஆல் வகுத்தால் 187.4. இரண்டும் ஒத்துப்போனால் வகுத்தலில் எங்கும் தவறு இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எந்த வரியில் தவறு என்று தேடுவதே பிள்ளைகளுக்கு அரை மணி நேர வேலை, நல்ல வேலை. ஆனால் 25ஆம் தேதி என்ன பெய்தது என்று தெரியாது, அதனால் ஏட்டில் "187.4, ஒரு நாள் விடுபட்டது" என்று எழுத வேண்டும். பக்கத்து ஊர் அளவைக் கடன் வாங்கி நிரப்பாதீர்கள். மழை நாள் எத்தனை? 6, 20, 26 ஆகிய மூன்றும் உறுதி, 7ஆம் தேதியின் 1.4 சேராது. சேர்த்து அளந்த மூன்று பதிவுகளில், 14, 30 தேதிப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நாளாவது 2.5ஐத் தாண்டியிருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் 3ஆம் தேதியின் 4.0 மூன்று நாளில் சிதறிப் பெய்திருந்தால் ஒரு நாள்கூடத் தேறாமல் போகலாம். ஆக "குறைந்தது 5" என்று எழுதுங்கள்.

கணினியில் ஏற்றுவதானால் மில்லிமீட்டர் வரிசைக்கு இவை இரண்டும் போதும்:

```
=SUM(C2:C31)
=COUNTIF(C2:C31,">=2.5")
```

தூறல் என்றோ கோடு என்றோ எழுதிய கட்டத்தை இவை கண்டுகொள்ளாது, அதனால் அவற்றை 0 என்று மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது வரி நமக்கு 6 என்று சொல்லும். 3ஆம் தேதியின் மூன்று நாள் மழையை ஒரே நாளாக எண்ணிவிட்டது. இயந்திரத்துக்குக் குறிப்புப் பத்தியைப் படிக்கத் தெரியாது.

இந்த வகைப் பாட்டிலுக்கு ஓர் எல்லை உண்டு. வெட்டிய பிறகு எங்களுடையதில் 1300 மில்லிதான் பிடிக்கும், அதாவது சுமார் 150 மில்லிமீட்டர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது; 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அன்று நம் பாட்டில் அங்கே இருந்திருந்தால் நிரம்பி வழிந்து 150 என்றுதான் காட்டியிருக்கும். பாட்டில் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் "150க்கு மேல், வழிந்துவிட்டது" என்று எழுத வேண்டுமே தவிர 150 என்று எழுதக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால், கவனமாக நடக்க முடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது நடுவில் ஒருமுறை அளந்து கொட்டி மில்லியை எழுதி வைத்தால் நல்லது. பிள்ளைகளை அந்த மழையில் அனுப்பாதீர்கள்.

கடைசியாகப் பட்டை வரைபடம். இதில் பிள்ளைகளுக்கு நிறம் தீட்டத்தான் அவசரம், அதற்கு முன்னால் அளவுத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தையும் வரைபடத் தாளின் 18 செ.மீ. பக்கத்தில் கிடையாக வையுங்கள்: பட்டை ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலம், நடுவில் அரை செ.மீ. இடைவெளி, மொத்தம் பதினேழரை, சரியாக அடங்கும். நிமிர்ந்த அச்சுக்கு, அதிக மழை பெய்த மாதம் எதுவோ அதைப் பார்த்து முடிவெடுங்கள். 1 செ.மீ.க்கு 20 மில்லிமீட்டர் என்றால், தாளின் ஒரு சின்னக் கட்டம் 2 மில்லிமீட்டர். நம் நவம்பர் 9.4 செ.மீ. உயரம் வரும், 400 மில்லிமீட்டர் பெய்த மாதமும் 20 செ.மீ.யில் அடங்கிவிடும். அச்சு 0இல் தொடங்க வேண்டும். நான் பார்த்த ஒரு வரைபடத்தில் 40இல் தொடங்கியிருந்தார்கள், 80 மில்லிமீட்டர் பெய்த மாதம் 60 பெய்த மாதத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாக நின்றது. பட்டையின் முழு உயரத்தையும்தான் கண் ஒப்பிடும், அடியை வெட்டினால் படம் பொய் சொல்லும்.

மாதங்களை ஜனவரியிலிருந்து தொடங்காமல் ஜூனிலிருந்து தொடங்கச் சொல்வேன். பள்ளி ஆண்டும் அதுதான், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அடுத்தடுத்து வந்து, ஜனவரியில் வால் போலத் தேய்வது ஒரே ஓட்டத்தில் தெரியும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் விழுகிறது என்று பாடத்தில் இருப்பதைப் பிள்ளைகள் தங்கள் கையால் அளந்த பட்டைகளிலேயே பார்ப்பார்கள், அல்லது உங்கள் ஊர் அப்படி இல்லை என்று பார்ப்பார்கள். கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் படம் வேறு மாதிரி இருக்கும்.

பட்டைகளின் தலைகளைக் கோட்டால் இணைக்க வேண்டாம். மாத மழை என்பது முப்பது நாளின் கூட்டுத்தொகை, அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவில் ஒரு மதிப்பு என்று எதுவும் கிடையாது, கோடு இழுத்தால் இருப்பது போல ஆகிவிடும். அளக்காத மாதத்துக்குப் பட்டை போடாமல் அந்த இடத்தில் "பதிவு இல்லை" என்று நிமிர்த்தி எழுதுங்கள், மே மாதம் விடுமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். நாள் விடுபட்ட மாதத்துக்கு, நம் நவம்பர் போல, பட்டையின் மேல்விளிம்பை மட்டும் புள்ளிக்கோடாக விடுங்கள், உண்மை அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று பார்ப்பவருக்குப் புரியும். ஒவ்வொரு பட்டையின் தலையிலும் எண்ணை எழுதிவிட்டால் தூரத்திலிருந்து படிக்க வசதி.

ஒரே ஒரு வருடப் பட்டைகளைப் பார்த்து "எங்கள் ஊரில் மழை குறைந்துவிட்டது" என்று தலைப்பு போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எதை விடக் குறைந்தது என்று சொல்ல, பக்கத்தில் நீண்டகாலச் சராசரி வேண்டும். மாவட்டத்தின் மாதவாரிச் சராசரி மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் கிடைக்கும், அதை ஒல்லியான இரண்டாவது பட்டையாக, நிறம் தீட்டாமல் வரையலாம். அப்புறம், முடிந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரை ஒரு நல்ல மழைக்கு மறுநாள் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கம் இன்னும் "ஒரு உழவு மழை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நிலத்தை உழுகிற அளவுக்கு ஈரம் இறங்கிய மழை என்று அர்த்தம். அவர் சொல்வதைக் குறிப்புப் பத்தியில் எழுதி, பக்கத்தில் உங்கள் மில்லிமீட்டரையும் எழுதி வையுங்கள். நாங்கள் இரண்டு வருடமாக எழுதுகிறோம், அவர் உழவு மழை என்று சொன்ன நாளில் பாட்டிலில் இருப்பது ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் இருக்கிறது. முன்னால் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள்.